ரீவொர்க் ஒரு பக்கம், ரிஜெக்ஷன் இன்னொரு பக்கம்: சிஎன்சி ஜாப் ஒர்க் பட்டறையில் எதை எழுத வேண்டும்

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் இரண்டு சிஎன்சி லேத் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளில் தரக் கணக்கு பெரும்பாலும் சலானோடு முடிந்துவிடும். 500 காஸ்டிங் வந்தது, 466 போனது, 34 குறைகிறது. அந்த 34-ஐப் பார்த்து முதலாளி ஆபரேட்டரைக் கேட்பார், ஆபரேட்டர் காஸ்டிங்கைக் கை காட்டுவார், பேச்சு அதோடு நின்றுபோகும். 34 என்ற எண்ணில் மூன்று விதமான இழப்பு கலந்து கிடப்பதால், அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. இன்னொரு இழப்பான ரீவொர்க் அந்த எண்ணில் வரவே வராது. ரீவொர்க் செய்து காப்பாற்றிய பீஸும் நல்ல பீஸாகத்தான் சலானில் ஏறுகிறது.

ஒரே ஒரு ஜாபை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். மோனோபிளாக் பம்ப் மோட்டாரின் எண்ட் கவர், கிரே காஸ்ட் அயர்ன். 6204 பேரிங் உட்காரும் போர் 47 மி.மீ., டாலரன்ஸ் எச்7. அதாவது 47.000-க்குக் கீழே போகக்கூடாது, 47.025-க்கு மேலே போகக்கூடாது. மொத்தமாக 25 மைக்ரான்தான் இடம். இதே கவரில் மோட்டார் பாடிக்குள் உட்காரும் ஸ்பிகாட் வெளி விட்டமும் உண்டு. போரும் ஸ்பிகாட்டும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் பட்டறையின் எண்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த 500-ல் 15 பீஸில் வெட்டும்போது ப்ளோ ஹோல் தெரிந்தது, அல்லது கோர் நகர்ந்து ஒரு பக்கம் சுவர் மெலிந்திருந்தது. இது ஃபவுண்டரிக் கணக்கு. தனியாக எண்ணி, அடையாளம் போட்டு, படம் எடுத்து, அதே சலானில் திருப்பி அனுப்ப வேண்டியது. இதை நம் ரிஜெக்ஷனோடு சேர்த்தால் இரண்டு கெடுதல் உண்டு. நம் தவறு காஸ்டிங்கின் பின்னால் ஒளிந்துகொள்ளும், காஸ்டிங்கின் செலவு நம் டெபிட் நோட்டில் வந்து உட்காரும். ஆகவே நம் கணக்கு 485-ல் தொடங்குகிறது.

அந்த 485-ல் முதல் தடவையிலேயே சரியாக வந்தவை 431. நேராக ஸ்கிராப் ஆனவை 12. ரீவொர்க்குக்குப் போனவை 42. அந்த 42-ல் 35 தேறின, 7 ரீவொர்க்கிலேயே கெட்டு ஸ்கிராப் ஆயின. ஆக மெஷினிங் ரிஜெக்ஷன் 12-ம் 7-ம் சேர்த்து 19, அதாவது 3.9 சதவீதம். ரீவொர்க் 42, அதாவது 8.7 சதவீதம். முதல் தடவை தேர்ச்சி 431, அதாவது 88.9 சதவீதம். இந்த மூன்றையும் ஒரே சதவீதமாகக் கலக்காமல் தனித்தனியாகவே வைத்திருக்க வேண்டும். ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

முதலில் பணம். காஸ்டிங் விலை 132 ரூபாய், ஜாப் ஒர்க் கூலி 38 ரூபாய் என்றால், ஒரு ஸ்கிராப்புக்கு 170 ரூபாய் போகிறது. 19 பீஸுக்கு 3,230. ரீவொர்க்குக்கு ஒரு பீஸை எடுத்து, மறுபடி சக்கில் பிடித்து, டயல் வைத்து ஓட்டம் பார்த்து, வெட்டி, அளந்து இறக்க 8 நிமிடம் பிடிக்கும் என்று வையுங்கள். 42 பீஸுக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். மெஷின் மணிக்கு 350 ரூபாய் என்றால் 1,960. மொத்தம் 5,190 ரூபாய். அந்த லாட்டுக்கு பில் போடுவதோ 466 பீஸுக்கு 17,708 ரூபாய். இன்சர்ட்டுக்குப் பத்து ரூபாய் பேரம் பேசும் நாம், இந்த ஐந்தாயிரத்தை எந்தப் பேப்பரிலும் எழுதுவதில்லை.

எழுதுவது எப்படி? மெஷின் பக்கத்தில் ஒரு அட்டை, அதில் கட்டிய பேனா. நல்ல பீஸுக்கு எதுவும் எழுத வேண்டாம். கெட்ட பீஸ் வந்தால் மட்டும் ஒரு வரி: மணி, பீஸ் வரிசை எண், எந்த அளவு, கேஜில் வந்த எண், ரீவொர்க்கா ஸ்கிராப்பா, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. கடைசிக் கட்டத்தில் ‘இன்சர்ட் மாற்றம்’, ‘ஆஃப்செட்’, ‘கரண்ட் போய் வந்தது’, ‘ஷிஃப்ட் மாற்றம்’ என்று நான்கு சொற்களை முன்கூட்டியே அச்சடித்துவிட்டால் டிக் போட்டால் போதும். ‘போர் அவுட்’ என்று எழுதுவதை ஏற்கக்கூடாது. 46.996 என்று எழுத வேண்டும், அல்லது 47.041 என்று எழுத வேண்டும். இந்த இரண்டும் வேறு வேறு நோய்கள்.

பக்கத்தில் மஞ்சள் தட்டு ஒன்று, சிவப்புத் தட்டு ஒன்று. ரீவொர்க் மஞ்சளில், ஸ்கிராப் சிவப்பில். பீஸ் மேலேயே மார்க்கரால் அந்த வரிசை எண்ணைப் போட்டுவிட வேண்டும். ஷிஃப்ட் முடியும்போது எண்ணிக்கை சேர வேண்டும்: எடுத்த காஸ்டிங் எத்தனையோ, அத்தனையும் நல்லது, மஞ்சள், சிவப்பு, ஃபவுண்டரி, மெஷினில் நிற்பது என்ற ஐந்தில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று குறைந்தால், சிப் ட்ரேயைக் கம்பியால் கிளறினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அப்படிக் கிடைத்தால் கோபப்படுவதற்கு முன் ஒரு கேள்வி. ரிஜெக்ஷனுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறோமா? பிடித்தால் இந்த அட்டை ஒரு வாரம்கூட உண்மை பேசாது. பிடிப்பதால் இன்னொரு விளைவும் உண்டு, அது இன்னும் மோசம். போர் பெரிதானால் ஸ்கிராப், திட்டு விழும். போர் சிறிதானால் ரீவொர்க், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆபரேட்டர் என்ன செய்வார்? 47.000-ஐ ஒட்டியே ஓட்டுவார். டாலரன்ஸில் நடுவே 12 மைக்ரான் உயரத்தில் ஓட்ட வேண்டிய ஜாப், பயத்தினால் தரையைத் தேய்த்துக்கொண்டு ஓடும். ரீவொர்க் கூடுவதன் முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். எந்த மெஷின் கோளாறும் இல்லாமலே இது நடக்கும்.

இப்போது, ஏன் தனித்தனிக் கணக்கு என்பதற்கு வருவோம். போரிங்கில் இன்சர்ட் முனை தேயத் தேய, முனை பின்வாங்குகிறது, போர் சிறிதாகிறது. வெளி விட்டத்தில் தேய்ந்தால் விட்டம் பெரிதாகிறது. இரண்டிலும் உலோகம் மிச்சம் நிற்கிறது. ஆகவே தேய்மானம் பீஸை ரீவொர்க் பக்கமே தள்ளும், ஸ்கிராப் பக்கம் தள்ளாது. அப்படியானால் ஸ்கிராப் எங்கிருந்து வருகிறது? அந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்டப் போடும் ஆஃப்செட்டிலிருந்தும், இன்சர்ட் மாற்றிய உடனே வெட்டும் முதல் பீஸிலிருந்தும் வருவதே அதிகம். சுருக்கமாக, ரீவொர்க் வரிகளில் நேரமும் வெப்பமும் தேய்மானமும் தெரியும், ஸ்கிராப் வரிகளில் கை தெரியும். கலந்து ஒரே சதவீதமாகப் போட்டால் இந்தத் தடயம் அழிந்துவிடும்.

நம் லாட்டின் அட்டையை விரித்துப் பார்ப்போம். ரீவொர்க் 42-ல் போர் சிறிதானது 27, ஸ்பிகாட் பெரிதானது 8, பிசிரும் சேம்ஃபரும் 5, டேப் ஆழம் 2. நேர் ஸ்கிராப் 12-ல் போர் பெரிதானது 9, மற்றவை 3. இரண்டிலும் போர்தான் முன்னால் நிற்கிறது. மீதியை இப்போதைக்கு விட்டுவிடலாம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சரிசெய்யப் போனால் எதனால் எது மாறியது என்று தெரியாமல் போகும்.

போர் சிறிதான 27-ன் எண்களை வரிசையாகப் படித்தால், ஏறக்குறைய எல்லாமே 46.993-க்கும் 46.999-க்கும் நடுவே இருக்கின்றன. சில மைக்ரான்தான் குறை. இதில் ஒரு விசித்திரம் இருக்கும். மெஷின் பக்கத்தில் ஆபரேட்டர் அளந்தபோது ஓ.கே., இரண்டு மணி நேரம் கழித்து டேபிளில் அளந்தால் பிளக் கேஜ் நுழையவில்லை. ஆபரேட்டர் பொய் சொல்லவில்லை. காஸ்ட் அயர்னைப் பெரும்பாலும் கூலன்ட் இல்லாமல் வெட்டுகிறோம். இறக்கும்போது பீஸ் கையில் வெதுவெதுப்பாக இருக்கும். அறை வெப்பத்தைவிட 15 டிகிரி கூடுதல் என்றால், 47 மி.மீ. போர் சுமார் 7 மைக்ரான் விரிந்து நிற்கும். சூட்டில் 47.003 காட்டிய பீஸ் ஆறியதும் 46.996. இருக்கும் 25 மைக்ரானில் 7 மைக்ரான் சூட்டுக்கே போய்விடுகிறது.

இதை உங்கள் மெஷினில் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். தொடர்ந்து ஐந்து பீஸ் வெட்டி, இறக்கியவுடன் ஒவ்வொன்றையும் டயல் போர் கேஜில் அளந்து பீஸ் மேலேயே எழுதுங்கள். ரிங் கேஜ் இருக்கும் அதே டேபிளில் அரை மணி நேரம் வைத்து, அதே இடத்தில், அதே ஆழத்தில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். ஐந்திலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அதுவே உங்கள் சூட்டுக் கணக்கு. ஒன்றில் 2, ஒன்றில் 11 என்று சிதறினால் அது சூடு அல்ல. கேஜ் பிடிக்கும் கையிலோ, போரின் வடிவத்திலோ கோளாறு. கேஜை மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜீரோ செய்யும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். 47.000 ரிங் கேஜ் ஒன்று வாங்கினால் அந்தச் செலவு இரண்டு மூன்று லாட்டில் திரும்பிவிடும்.

சூட்டுக் கணக்கு 7 மைக்ரான் என்று வந்தால், ஆபரேட்டருக்குக் கொடுக்கும் அளவே மாற வேண்டும். டிராயிங்கில் உள்ள 47.000 – 47.025 அவருக்கு உதவாது. இன்சர்ட் பத்து பீஸுக்கு 3 மைக்ரான் தேய்கிறது என்று அட்டை காட்டினால், கணக்கு இப்படி: ஆறிய பிறகு 47.015-ல் தொடங்க வேண்டும், அதாவது சூட்டில் கேஜ் 47.022 காட்ட வேண்டும். சூட்டில் 47.014-க்கு இறங்கினால், அதாவது ஆறினால் 47.007, ஆஃப்செட்டில் 0.008 கூட்ட வேண்டும். நடுவே சுமார் 25 பீஸ் ஓடும். இந்த இரண்டு எண்களை மட்டும் பெரிய எழுத்தில் மெஷின் கதவில் ஒட்டுங்கள். ஒரே ஒரு பீஸ் இறங்கிக் காட்டியதும் ஆஃப்செட்டைத் தொடக்கூடாது. அடுத்ததையும் அளந்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் தொட வேண்டும். ஒரு பீஸுக்கு ஒரு தட்டு என்று ஆஃப்செட்டை ஆட்டிக்கொண்டிருந்தால் அளவு இன்னும் அதிகமாகச் சிதறும்.

27-ல் ஒரு பகுதி காலை முதல் மணி நேரத்திலும், கரண்ட் போய் வந்த பிறகும் கொத்தாக விழுந்திருந்தால் அது வேறு. ஸ்பிண்டில் குளிர்ந்து கிடந்து சூடேறும்வரை எக்ஸ் நிலை நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். பதினைந்து இருபது நிமிடம் பீஸ் இல்லாமல் ஓடவிட்டுத் தொடங்குவதும், முதல் பத்து பீஸை ஒன்றுவிடாமல் அளப்பதும்தான் வழி.

இனி ஸ்கிராப்பான 9. கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். ‘ஆஃப்செட்’, ‘இன்சர்ட் மாற்றம்’ என்ற இரண்டிலும்தான் டிக் குவிந்திருக்கும். இதில் மிகச் சாதாரணமான காரணம் விரல். 0.006 போட வேண்டிய இடத்தில் 0.06 போட்டால் போர் 54 மைக்ரான் கூடுதலாகப் பெரிதாகும், பீஸ் போயிற்று. ஃபனுக் கன்ட்ரோலில் இன்னொரு பொறி உண்டு. ஆஃப்செட் பக்கத்தில் `+INPUT` அழுத்தினால் பழைய எண்ணோடு கூட்டும், `INPUT` அழுத்தினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். வியர் ஆஃப்செட்டில் 0.034 நிற்கும்போது 0.006 தட்டி `INPUT` அழுத்தினால், 0.040 ஆக வேண்டியது 0.006 ஆகிவிடும், போர் கூடுவதற்குப் பதில் 28 மைக்ரான் இறங்கும். அது மஞ்சள் தட்டுக்குப் போகும். ஆபரேட்டர் பதறி மறுபடி ஒரு எண் தட்டினால் அடுத்தது சிவப்புக்குப் போகும். ஆகவே தட்டியதும் திரையில் வந்த புதிய எண்ணை வாய்விட்டுப் படித்து அட்டையில் எழுதும் பழக்கம் வேண்டும். `+INPUT`-ல் ஒரு தடவையில் 0.01-க்கு மேல் ஏற்காதபடி கன்ட்ரோலிலேயே வரம்பு வைக்கும் வசதி உண்டு. மெஷின் சர்வீஸ் ஆள் வரும்போது அதைப் போட்டுத்தரச் சொல்லுங்கள்.

இன்சர்ட் மாற்றியதும் முதல் பீஸை நேராக முழு அளவுக்கு வெட்டக்கூடாது. புது முனை, பழைய முனை நின்ற இடத்தைவிட வெளியே நிற்கும். பழைய தேய்மானத்துக்காகக் கூட்டி வைத்த ஆஃப்செட்டும் அப்படியே இருக்கும். இரண்டும் சேர்ந்து போரைப் பெரிதாக்கும். வியரில் இருப்பதைவிட 0.200 குறைவான எண்ணை `INPUT`-ஆல் வைத்து ஒரு தடவை வெட்டி, சக்கிலேயே அளந்து, மீதியைக் கணக்கிட்டுக் கூட்டிய எண்ணை அதேபோல் வைத்து, மறுபடி ஃபினிஷ் ஓட்ட வேண்டும். இதற்கு ஆகும் சில நிமிடங்கள் ஒரு காஸ்டிங்கின் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

ரீவொர்க்கில் கெட்ட 7 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ரீவொர்க்தானே, தேறிவிடும்’ என்ற நம்பிக்கைதான் பல பட்டறைகளில் ஸ்கிராப்பை வளர்க்கிறது. போர் 46.996. இதை 47.004 ஆக்க வேண்டும். விட்டத்தில் 8 மைக்ரான் என்றால் பக்கத்துக்கு 4 மைக்ரான். அவ்வளவு மெல்லிய வெட்டை இன்சர்ட் விளிம்பு கடிக்காது, தேய்த்துக்கொண்டே போகும். ஆபரேட்டர் பார்ப்பார், அளவு நகரவில்லை. இன்னும் 10 மைக்ரான் கொடுப்பார், அதுவும் நகராது. இன்னொரு தடவை கொடுக்கும்போது திடீரென்று கடித்து 47.030-க்குப் போகும். அல்லது மறுபடி பிடித்ததில் பீஸ் துளி சாய்ந்திருக்கும், போரின் ஒரு பக்கம் மட்டும் புதிதாக மின்னும், மறுபக்கம் பழைய கோடு அப்படியே இருக்கும். அளவு சரி, ஆனால் ஸ்பிகாட்டோடு மையம் போய்விட்டது. கேஜில் இது பிடிபடாது. மோட்டார் ஓடும்போது சத்தத்தில் பிடிபடும். மறுபடி பிடிக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் வெட்டுவதற்கு முன் ஸ்பிகாட்டில் டயல் வைத்து ஓட்டத்தைப் பார்த்து, அந்த எண்ணையும் அட்டையில் எழுதினால்தான் ரீவொர்க் பீஸை நம்பி அனுப்பலாம்.

இதற்குப் பயந்து நடப்பதுதான் எமரி. குச்சியில் எமரி பேப்பரைச் சுற்றி, பீஸை ஓடவிட்டு, போர் வாயில் பத்து விநாடி பிடித்தால் பிளக் நுழைந்துவிடும். அட்டையில் இது ஏறவே ஏறாது. வாயில் 47.012, உள்ளே 12 மி.மீ. ஆழத்தில் 46.997 என்று மணி வாய் போல விரிந்திருக்கும். பேரிங் ரேஸ் உள் விளிம்பில் மட்டும் பிடிக்கும். நல்ல பீஸ் தட்டிலிருந்து பத்தை எடுத்து வாயிலும் உள்ளேயும் அளந்து பாருங்கள். வாய்ப்பக்கம் மட்டும் விரிந்தவை அடிக்கடி வந்தால் உங்கள் உண்மையான ரீவொர்க் சதவீதம் எழுதியதைவிட அதிகம்.

அட்டையில் ஒரு வரி மட்டும் எந்தக் காரணத்திலும் அடங்காமல் நிற்கும்: கேஜ் 47.010 காட்டுகிறது, வாயும் உள்ளும் ஒன்றாகவே இருக்கிறது, ஆனால் பிளக் போகவில்லை. இது சக் பிடியின் வேலை. மூன்று ஜாவும் மெல்லிய சுவரை அழுத்தும் நிலையில் வட்டமாக வெட்டுகிறோம். விட்டதும் சுவர் திரும்பி, போர் மூன்று முகமாக நெளிகிறது. இரண்டு முனையில் தொடும் டயல் கேஜ், மூன்று முக வடிவத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே எண்ணாகவே காட்டும். பிளக்கில் மெல்லிசாக மார்க்கிங் நீலம் தடவி நுழைத்துப் பாருங்கள். 120 டிகிரி இடைவெளியில் மூன்று இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். சாஃப்ட் ஜாவைப் பிடிக்கும் விட்டத்துக்குச் சரியாக போர் செய்து அகலமாகப் பிடிப்பதும், ரஃப் வெட்டு முடிந்து ஃபினிஷுக்கு முன் சக் பிரஷரைக் குறைப்பதும் தான் மருந்து. இந்த வரிகளுக்கு ‘பிளக் மட்டும் டைட்’ என்று தனிப் பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘போர் சிறிது’ என்பதில் கலந்து, ஆபரேட்டர் ஆஃப்செட்டைக் கூட்டிக்கொண்டே போவார்.

இரண்டாவது லாட்டில் எதைப் பார்ப்பது? ரீவொர்க் இறங்கி ரிஜெக்ஷன் அப்படியே நின்றால் சூட்டுக் கணக்கு வேலை செய்கிறது. ரீவொர்க் இறங்கி ரிஜெக்ஷன் ஏறினால் தொடக்க அளவை மிக உயரே வைத்துவிட்டீர்கள், 47.022-ஐ 47.019 ஆக்கிப் பாருங்கள். இரண்டும் திடீரென்று பூஜ்யத்துக்கு அருகே வந்தால் மகிழ்வதற்கு முன் சிப் ட்ரேயையும் எமரி பேப்பர் கட்டையும் ஒரு முறை பாருங்கள்.

20, 30 பீஸ் லாட்டுக்குச் சதவீதம் போடுவதில் பொருள் இல்லை. 20-ல் ஒன்று போனாலே 5 சதவீதம், அடுத்த லாட்டில் பூஜ்யம். இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பட்டறைகள் ஜாப் வாரியாகக் கூட்டாமல் வேலை வாரியாகக் கூட்டலாம்: எச்7 போர்கள் எல்லாம் ஒரு கணக்கு, டேப்பிங் எல்லாம் ஒரு கணக்கு. மாதக் கடைசியில் ஒவ்வொன்றிலும் சில நூறு சேர்ந்துவிடும்.

லாட் முடிந்ததும் அட்டையைத் தூக்கி எறியாமல் அந்த ஜாபின் டிராயிங்கோடு பின் செய்து வையுங்கள். கூடவே சாஃப்ட் ஜா விட்டம், சக் பிரஷர், சூட்டுக் கணக்கு, எத்தனையாவது பீஸில் இன்சர்ட் மாற்றினோம் என்ற நான்கையும் எழுதி வையுங்கள். அதே எண்ட் கவர் மூன்று மாதம் கழித்து, வேறு ஆபரேட்டர் கையில், மறுபடி வரும்.